ஒரே சார்பு, நான்கு தொடர்கள்

பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். லாரன்ட் தொடர் வரும் வாரத்தில் நான் கரும்பலகையில் முதலில் எழுதும் சார்பு 1/(z(z-1)). பாடப்புத்தகங்களிலும் பழைய வினாத்தாள்களிலும் அதிகம் வருவது இது அல்ல, 1/((z-1)(z-2)). அதில் மையம் 0, துருவங்கள் 1-லும் 2-லும் இருக்கின்றன. எனவே |z|<1, 1<|z|<2, |z|>2 என்று மூன்று பகுதிகள் கிடைக்கும். அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பழகிய பிள்ளைகள், "லாரன்ட் என்றால் மூணு கேஸ் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் என்னுடைய சார்பில் செல்லாது. இங்கே மையமாக எடுக்கும் புள்ளியே ஒரு துருவம்.

0-ஐ மையமாக வைத்து வட்டங்கள் வரைந்துகொண்டே போகலாம். 0-ல் சார்பு வெடிக்கிறது, அதனால் அந்தப் புள்ளியை விட்டுவிட வேண்டும். ஆரத்தைப் பெருக்கிக்கொண்டே போனால் 1 என்ற தூரத்தில் அடுத்த துருவம் வந்து நிற்கிறது. அதைத் தாண்டினால் பிறகு தடையே இல்லை. ஆக இரண்டே பகுதிகள்: 0<|z|<1 என்ற நடுப்புள்ளி இல்லாத வட்டம், |z|>1 என்ற முடிவில்லாத வெளிவளையம். மையத்தை 1-க்கு மாற்றினாலும் இதே கதைதான், அங்கிருந்து 1 தூரத்தில் 0 நிற்கிறது. மொத்தம் நான்கு தொடர்கள். "1/(z(z-1))-ன் லாரன்ட் தொடரைக் காண்க" என்று மட்டும் ஒரு வினா வந்தால் அது அரைகுறை வினா. மையம் எது, வளையம் எது என்று சொல்லாமல் விடை எழுத வழியில்லை.

கணக்கு மிகச் சின்னது. 1/z என்பது ஏற்கெனவே z-ன் அடுக்காக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். விரிக்க வேண்டியது 1/(z-1) மட்டும். பலரும் உடனே பகுதிப் பின்னங்களாகப் பிரிக்கக் கிளம்புகிறார்கள். தவறில்லை, ஆனால் இங்கே தேவையில்லாத வேலை. உள்ளே, அதாவது |z|<1 ஆக இருக்கும்போது, z-ஐ விட 1 பெரியது. எனவே 1-ஐ வெளியே எடுத்து 1/(z-1) = -1/(1-z) என்று எழுதிப் பெருக்குத் தொடராக விரிக்கிறோம். அதை 1/z-ஆல் பெருக்கினால்:

```
0 < |z| < 1 :   -1/z - 1 - z - z^2 - z^3 - ...
```

வெளியே |z|>1. அங்கே z பெரியது. z-ஐ வெளியே எடுத்தால் 1/(z-1) = (1/z) · 1/(1-1/z). இப்போது 1/z-ன் அடுக்குகளில் விரிகிறது:

```
|z| > 1 :   1/z^2 + 1/z^3 + 1/z^4 + ...
```

எது பெரியதோ அதை வெளியே எடு, மீதி இருப்பது 1-ஐ விடச் சிறியதாக இருக்கும், அப்போதுதான் பெருக்குத் தொடர் குவியும். முழு வித்தையும் இதுதான். இதைப் புரிந்துகொண்டவர்கள் வாய்பாடு எதையும் மனப்பாடம் செய்வதில்லை.

ஆனாலும் ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடமாட்டேன். z = 1/2 என்று வைத்தால் சார்பின் மதிப்பு 1/(0.5 × -0.5) = -4. உள் தொடரில் -2 -1 -0.5 -0.25 என்று போய் -4-ஐ நெருங்குகிறது. அதே 1/2-ஐ வெளித் தொடரில் போட்டால் 4 + 8 + 16 + ... என்று விரிந்து ஓடுகிறது. z = 2 என்றால் மதிப்பு 1/2. வெளித் தொடர் 1/4 + 1/8 + 1/16 + ... சரியாக 1/2-க்கு வந்து சேர்கிறது. உள் தொடரோ -1/2 -1 -2 -4 என்று கீழே இறங்கிக்கொண்டே போகிறது. தேர்வு அறையில் ஒரு நிமிடம்கூட ஆகாது இந்தச் சோதனைக்கு. வளையத்தை மாற்றி எழுதியிருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

தொடரை எழுதும் இடத்தில் தவறுவோர் குறைவு. தொடரைப் படிக்கும் இடத்தில்தான் சிக்கல். ஒரு உள்தேர்வில் இரண்டு பிரிவாகக் கேட்டிருந்தேன்: |z|>1 என்ற பகுதியில் விரித்து எழுதுக; z = 0-ல் எச்சம் காண்க. ஒரு மாணவி முதல் பிரிவை அழகாக எழுதியிருந்தாள். இரண்டாவதில், "தொடரில் 1/z உறுப்பே இல்லை, எனவே எச்சம் 0. எதிர் அடுக்குகள் முடிவில்லாமல் வருவதால் 0 ஒரு எசென்ஷியல் சிங்குலாரிட்டி" என்று முடித்திருந்தாள். இரண்டு வாக்கியங்களும் தவறு. ஆனால் இரண்டுமே புத்தகத்தில் உள்ள வரையறையை அப்படியே பின்பற்றியவை. தாளைக் கொடுக்கும்போது அவளே கேட்டாள்: "1/z-ன் கெழுதானே சார் எச்சம்? அதைத்தானே எழுதினேன்?"

நியாயமான கேள்வி. பல கையேடுகளில் அந்த வரி பாதியாகவே அச்சாகியிருக்கிறது. எச்சமாக எடுக்க வேண்டியது அந்தப் புள்ளியை ஒட்டியிருக்கும் வளையத்தின் தொடரில் வரும் 1/z-ன் கெழு. 0-ஐ ஒட்டியது 0<|z|<1. அங்கே கெழு -1, எதிர் அடுக்கு ஒன்றே ஒன்று. ஆகவே 0 ஒரு எளிய துருவம், எச்சம் -1. வெளித் தொடர் 0-க்கு அருகில் எங்குமே குவியாது. 0-ல் என்ன நடக்கிறது என்று சொல்ல அதற்கு உரிமையே கிடையாது. e^(1/z)-லும் முடிவில்லாத எதிர் அடுக்குகள் வருகின்றன, ஆனால் அந்தத் தொடர் 0-ஐத் தவிர எல்லா இடத்திலும், 0-ஐ ஒட்டியும் குவிகிறது. அதனால் அங்கே அந்த முடிவு செல்லும், இங்கே செல்லாது.

அப்படியானால் வெளித் தொடரில் 1/z-ன் கெழு 0 என்று வந்ததற்குப் பொருளே இல்லையா? இருக்கிறது. எந்த வளையத்திலும் 1/z-ன் கெழு என்பது அந்த வளையத்துக்குள் மையத்தை இடஞ்சுழியாக ஒரு முறை சுற்றிவரும் தொகையீட்டை 2πi-ஆல் வகுத்த மதிப்பு. |z| = 1/2 என்ற வட்டத்துக்குள் மாட்டுவது 0 மட்டும், அதனால் -1. |z| = 2 என்ற வட்டத்துக்குள் 0, 1 இரண்டுமே மாட்டுகின்றன. 1-ல் எச்சம் +1. கூட்டினால் 0. மாணவி எழுதிய பூஜ்யம் உண்மையில் இரண்டு எச்சங்களின் கூட்டுத்தொகை. வளையத்தைத் தாண்டும்போது கெழு -1-லிருந்து 0-க்குத் தாவியது, இடையில் இருந்த துருவத்தின் எச்சத்தைச் சேர்த்துக்கொண்டதால்தான். விரித்து எழுதியதற்கு முழு மதிப்பெண் போட்டேன், இரண்டாம் பிரிவுக்குப் போட முடியவில்லை.

இனி 1-ஐ மையமாக வைத்த தொடர்கள். w = z-1 என்று வைத்தால் சார்பு 1/(w(1+w)) ஆகிறது. மேலே செய்ததையே செய்தால்:

```
0 < |z-1| < 1 :   1/w - 1 + w - w^2 + ...
|z-1| > 1     :   1/w^2 - 1/w^3 + 1/w^4 - ...
```

இதைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. z இருக்கும் இடத்தில் 1-z போட்டாலும் z(z-1) மாறுவதில்லை. ஆகவே 0-ஐச் சுற்றிய தொடரில் z-க்குப் பதில் 1-z, அதாவது -w, போட்டால் 1-ஐச் சுற்றிய தொடர் தானாக வந்துவிட வேண்டும். வருகிறது. -1/z என்பது 1/w ஆகிறது, -z என்பது w ஆகிறது, குறிகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறுகின்றன. எச்சங்கள் -1, +1 என்று எதிரெதிராக இருப்பதன் காரணமும் இதுவே.

z = 3/2 இந்த வேலைக்கு நல்ல புள்ளி. 0-லிருந்து பார்த்தால் அது வெளிவளையத்தில் இருக்கிறது, 1-லிருந்து பார்த்தால் உள்ளே. மதிப்பு 4/3. முதல் மையத்திலிருந்து 4/9 + 8/27 + ... என்று ஒவ்வொரு உறுப்பும் முந்தையதில் 2/3 ஆக வருகிறது. இரண்டாம் மையத்திலிருந்து 2 - 1 + 1/2 - 1/4 + ... என்று பாதி பாதியாகச் சுருங்குகிறது. இரண்டும் 4/3-க்கே வருகின்றன, இரண்டாவது கொஞ்சம் சீக்கிரம்.

இந்தத் தொடரைக் கண்ட பியேர் அல்ஃபோன்ஸ் லாரன்ட்டும் ஒரு பொறியாளர்தான், பிரெஞ்சு ராணுவத்தில். 1843-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசுப் போட்டிக்குக் கட்டுரை அனுப்பினார், ஆனால் கடைசித் தேதி தாண்டிவிட்டது. அசைன்மென்ட்டைத் தாமதமாகக் கொண்டுவருகிறவர்களிடம் இதை நான் சொல்வதில்லை.

எங்கள் கல்லூரியில் மின்னணுவியல் துறை நண்பர் ஒருவர், "எங்க பசங்களுக்கு வெளி வளையம் போதும் சார், உள்ளே ஏன் அலையவிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. Z உருமாற்றத்தில் z^(-n)-ன் கெழுதான் n-ஆம் கணத்தில் சிக்னலின் மதிப்பு. வெளித் தொடரைப் படித்தால் n = 2-லிருந்து 1, 1, 1 என்று தொடரும் சிக்னல் கிடைக்கிறது. வந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டே போகும் ஒரு சுற்று, இரண்டு கணம் தாமதமாகப் பதில் சொல்கிறது. உள் தொடரைப் படித்தால் n = 1 வரை, முடிவில்லாத கடந்த காலம் முழுக்க -1, அதன் பிறகு 0. நேரடியாக ஓடும் கருவியில் இது சாத்தியமில்லை, ஏனென்றால் உள்ளீடு வருவதற்கு முன்பே பதில் வந்தாக வேண்டும்.

ஆனால் பதிவு செய்து வைத்த ஒலியையோ படத்தையோ பின்னிருந்து முன்னாகவும் வடிகட்டலாம் என்று அவரே ஒத்துக்கொண்டார். அங்கே உள் வளையமும் வேலைக்கு வரும். 1/(z(z-1)) என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்தச் சிக்னல் என்று அவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அவர்கள் பாடத்தில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் குவியும் பகுதியையும் எழுதச் சொல்கிறார்கள். அதை எழுதாமல் விட்டால் அவர் பாதி மதிப்பெண்ணைக் குறைப்பார். நான் ஒரு மதிப்பெண்தான் குறைக்கிறேன். எங்கள் இருவரில் யார் செய்வது சரி என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை.