ஒரே கோபுரம், இரண்டு பழுது, ஒரு தவறான டிரிப்

உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு 110 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தில், பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேக்களை நான் கவனித்துக்கொண்டிருந்த காலம். ஐப்பசி மாதத்து இரவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓய்ந்து காற்றாலைகள் நின்றுவிட்டிருந்தன, இடிமழை மட்டும் விடாமல் அடித்தது. எங்கள் நிலையத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன்களில் ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இந்த இரண்டு செய்திகளும் பின்னால் முக்கியமாகும்.

எங்களிடமிருந்து 12 கிலோமீட்டரில் அடுத்த துணைமின் நிலையம். அதன் மதிலுக்கு வெளியே, வேறொரு லைனின் முதல் கோபுரத்தில், ஆர் பேஸ் இன்சுலேட்டர் சரத்தின் மேல் மின்பொறி பாய்ந்தது. அந்த நிலையத்துப் பிரேக்கர் திறந்து பழுதைத் துண்டித்தது. எங்கள் ரிலே அசையவில்லை, அசையவும் கூடாது. இருபது நிமிடம் கழித்து அந்த லைனை மறுபடி சார்ஜ் செய்து பார்த்தார்கள். அதற்குள் சரம் அறுந்து கம்பி கோபுரத்தின் மேலேயே விழுந்து கிடந்தது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய பிரேக்கர் சரியாகவே திறந்தது. ஆனால் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வைத்துப் பழுதின் தூரத்தைக் கணிக்கும் எங்கள் தூர ரிலேயும், காத்திராமல் உடனே துண்டிக்க வேண்டிய பகுதியான முதல் மண்டலத்தில் பழுது என்று டிரிப் கொடுத்து, எந்தக் குறையும் இல்லாத 12 கிலோமீட்டர் லைனைத் துண்டித்துவிட்டது.

காலையில் எல்லோரும் செட்டிங் தவறு என்றார்கள். முதல் மண்டலம் லைனின் 80 சதவீதத்துக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது, சோதனைக் கருவியிலும் சரியாகவே இயங்கியது. அதே கோபுரம், அதே பேஸ், ஒரே இரவு. முதல் முறை வாய் மூடியிருந்த ரிலே இரண்டாம் முறை ஏன் பேசியது?

மூத்த பொறியாளர் ஒருவர் இரண்டு பதிவுகளையும் அச்செடுக்கச் சொன்னார். எங்கள் பஸ்பாரில் சாதாரண மின்காந்த வகை மின்னழுத்த மாற்றி இருந்தது, லைனில் மின்தேக்கி வகை, அதாவது சி.வி.டி. இரண்டும் ஒரே மின்னழுத்தத்தைத்தான் பார்க்கின்றன. அவர் அடிக்கோலை வைத்துச் சுழிக்கோட்டைப் பென்சிலால் இழுத்தார். "தம்பி, இந்த அலை கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, பாருங்கள்" என்றார். இரண்டாவது பழுதில் பஸ்பார் மாற்றியின் அலை சட்டென்று சிறுத்துக் கோட்டின் இருபுறமும் சமமாக ஆடியது. சி.வி.டி.யின் அலையோ கோட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்று, மெல்ல இறங்கி, மறுபக்கம் சரிந்து, பல சுற்றுகள் கழித்துத்தான் நிலைகொண்டது. முதல் பழுதின் பதிவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தன.

காரணம் சி.வி.டி.யின் உடம்பிலேயே இருக்கிறது. 63.5 கிலோவோல்ட் பேஸ் மின்னழுத்தத்தை மின்தேக்கி அடுக்கு 11.5 கிலோவோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. கீழே தொட்டியில் உள்ள சிறு மின்மாற்றி அதை 63.5 வோல்ட் ஆக்குகிறது. மின்தேக்கி வழியாக மின்னோட்டம் எடுத்தால் மின்னழுத்தம் விழும் அல்லவா? அதை ஈடுகட்ட ஒரு ரியாக்டரைத் தொடரில் வைத்திருக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸில் மின்தேக்கியின் தடுப்பும் ரியாக்டரின் தடுப்பும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அலை சீராக ஓடும்வரை அந்த இரண்டும் இல்லாதது போலவே தோன்றும். ஆனால் இரண்டிலும் ஆற்றல் தேங்கித்தான் கிடக்கிறது. மேலே மின்னழுத்தம் திடீரென விழும்போது அந்தத் தேக்கம் சுமை வழியாக, அதாவது சி.வி.டி.யோடு இணைத்திருக்கும் ரிலே, மீட்டர் போன்றவற்றின் வழியாக, வடிந்தாக வேண்டும். வடியும் நேரம் முழுவதும் ரிலே அதையும் லைன் மின்னழுத்தம் என்றே படிக்கிறது.

எந்தக் கணத்தில் விழுகிறது என்பதில்தான் விடை இருந்தது. மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது ஆற்றல் ரியாக்டரில் இருக்கும், சுமையின் பெரிய தடை அதை ஒரு மில்லி விநாடிக்குள் தின்றுவிடும். சுழியைக் கடக்கும்போது அது மின்தேக்கியில் இருக்கும், அதே பெரிய தடை வழியாக மிக மெதுவாகத்தான் கசியும். இன்சுலேட்டர் மேல் பொறி பாய்வது பெரும்பாலும் மின்னழுத்தம் உச்சத்தை நெருங்கும்போது. முதல் பழுது அப்படித்தான் வந்தது. இரண்டாவது முறை கம்பி ஏற்கெனவே கோபுரத்தில் கிடந்தது, பிரேக்கர் மூடிய கணமே பழுதின் கணம். பதிவில் அது சுழிக்கு மிக அருகில் இருந்தது.

எங்கள் சி.வி.டி.க்குக் கணக்குப் போட்டோம். மின்தேக்கிகள் இரண்டையும் கூட்டினால் சுமார் 0.059 மைக்ரோஃபாரட், 50 ஹெர்ட்ஸில் 54 கிலோ ஓம் தடுப்பு. சுமை 200 வி.ஏ.; அது 11.5 கிலோவோல்ட் பக்கத்திலிருந்து 661 கிலோ ஓம் தடையாகத் தெரியும். இரண்டையும் வகுத்தால் 8 சதவீதம். சுழியில் பழுது வந்தால் பழைய உச்ச மின்னழுத்தத்தில் அவ்வளவு பங்கு பொய்யாக மிஞ்சும். ஒரு சுற்று, அதாவது 20 மில்லி விநாடி கழித்தும் ஏறக்குறைய 5 சதவீதம் இருக்கும். உண்மையில் சிறு மின்மாற்றியின் காந்தச் சுற்றும், ஃபெரோ அதிர்வை அடக்க வைத்திருக்கும் சுற்றும் இந்த வாலை ஆட்டிவிடுகின்றன. அலை மறுபக்கம் சரிந்தது அதனால்தான்.

எட்டு சதவீதம் பெரிதா? ரிலே பார்க்கும் கணக்கில் எங்கள் லைன் 4.8 ஓம். காற்றாலைகள் நின்று, ஒரு லைனும் இல்லாத அந்த இரவில் எங்களுக்குப் பின்னால் இருந்த மூல மின்தடுப்பு சுமார் 50 ஓம். எளிமையாகச் சொன்னால், எதிர் நிலையத்து வாசலில் பழுது வந்தால் எங்களிடம் மிஞ்சும் உண்மையான மின்னழுத்தம் 63.5 வோல்ட்டில் வெறும் 5.6 வோல்ட். அது 4.5 வோல்ட்டுக்குக் கீழே தெரிந்தால் முதல் மண்டலத்துக்குள் வந்துவிடும். நல்ல லைனுக்கும் டிரிப்புக்கும் இடையே இருந்தது 1.1 வோல்ட். எட்டு சதவீத வாலோ உண்மை அலைக்கு ஏறத்தாழச் சமமான உயரம். அது சரிந்த ஒரு கட்டத்தில் ரிலே கணித்த அளவு 4 வோல்ட்டுக்கு இறங்கி, டிரிப் போய்விட்டது. பின்னால் வலுவான மூலம் இருந்திருந்தால் மிஞ்சும் மின்னழுத்தம் பெரிதாக இருந்து இந்த வால் அதில் கரைந்திருக்கும்.

சுமை 200 வி.ஏ. எப்படி வந்தது என்று தேடினோம். பழைய ரிலேக்களையும் மீட்டர்களையும் எடுத்துவிட்டு எண்முறைக் கருவிகள் வைத்தபோது சுமை மிகவும் குறைந்துபோயிருந்தது. மீட்டர் துல்லியத்துக்குக் குறித்த சுமையில் குறைந்தது 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதற்காக யாரோ ஒரு தடைப்பெட்டியைச் சேர்த்து, 25க்குப் பதில் முழு அளவுக்கே ஏற்றிவிட்டிருந்தார்கள். அன்று கூடத்தில் அந்தப் பெட்டியின் மேல் கை வைத்தேன், நன்றாகச் சூடாக இருந்தது. பல மாதங்களாக அதைக் கடந்து நடந்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்கவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

சுமையை 50 வி.ஏ.க்குக் குறைத்தோம். வால் 8 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகச் சிறுத்தது. ஆனால் தடை நான்கு மடங்கானதால் அது வடியும் நேரமும் நான்கு மடங்கு நீண்டது. அதனால் இதை மட்டும் நம்பவில்லை. மின்னழுத்தம் சரிந்தும் மின்னோட்டம் பெரிதாக ஏறாத பழுதுகளில் முதல் மண்டலம் கொஞ்சம் பொறுத்து, தூரக் கணிப்பு நிலைத்த பிறகே டிரிப் கொடுக்கும்படி ரிலேயில் சி.வி.டி. தேர்வைப் போட்டோம். இதற்கு விலை உண்டு: லைனுக்குள்ளேயே உண்மையான பழுது வந்தாலும், மூலம் பலவீனமான நாட்களில், ஏறக்குறைய ஒரு சுற்று நேரம் தாமதம் ஆகும்.

இவ்வளவு குறுகிய லைனுக்கு மின்னழுத்தத்தையே கேட்காத, இரு முனை மின்னோட்டங்களை ஒப்பிடும் பாதுகாப்புதான் சரி என்று அறிக்கையின் கடைசிப் பத்தியில் எழுதினோம். நான் மாற்றலாகிப் போனபோது இரண்டு நிலையங்களுக்கும் இடையே கண்ணாடி இழை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.