லாச்சியில் 4,500 ரூபாய் குறைந்த இரவு

ஹட்டன் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் காசாளராக இருக்கிறேன். போன மாதம் 10ஆம் திகதி, தோட்டங்களில் சம்பளம் போட்ட நாள். இரவு எட்டரைக்குக் கதவை இழுத்துவிட்டுக் கணக்குத் தாளை விரித்தேன்.

அன்று செய்த முதல் பிழை, காசை எண்ணும் முன்பே மெஷினில் விற்பனைச் சீட்டை எடுத்துப் பார்த்தது. தொகை தெரிந்துவிட்டால் கை அந்தத் தொகைக்கே எண்ணப் பார்க்கும். முதலில் தாள்களை எண்ணி எழுத வேண்டும், சீட்டு அப்புறம்தான்.

ஐயாயிரம் 6, ஆயிரம் 27, ஐந்நூறு 15 என்று இறங்கி, தாள்கள் 69,170. குத்திக்காசு 230. கையில் இருந்தது 69,400.

சீட்டில் மொத்த விற்பனை 98,400. கார்ட்டில் வந்த 11,250, கடன் கொப்பியில் ஏறிய 14,650 இரண்டையும் கழித்தால் காசு விற்பனை 72,500. காலையில் லாச்சியில் போட்ட சில்லறை 5,000 சேர்த்து 77,500 இருக்க வேண்டும். குறைவு 8,100!

முதலாளி ஒன்றும் பேசவில்லை, அதுதான் பயம். தட்டைத் தூக்கிப் பார்த்தேன். பாண்காரருக்குக் கொடுத்த 3,600 ரூபாய் துண்டு அடியில் கிடந்தது. சரி, இன்னும் 4,500.

"சம்பளத்தில பிடிச்சிக்கலாம் தம்பி" என்றார். என் பையில் இருந்து போட்டுச் சரிக்கட்டவும் நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை. போட்டிருந்தால் பிழை எங்கே என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் தடவை எண்ணியும் அதே 69,400. அப்படியானால் பிழை காசில் இல்லை, பதிவில் இருக்கலாம். பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் சொல்லித்தந்தது ஞாபகம் வந்தது: குறைவை ஒன்பதால் வகுத்துப் பார். ஒரு பூச்சியம் கூடுதலாக விழுந்திருந்தால் மீதியில்லாமல் போகும், வரும் விடைதான் உண்மையான தொகை. 4,500ஐ வகுத்தால் 500. (எப்போதும் பலிக்காது. இலக்கங்கள் இடம் மாறினாலும் ஒன்பதால் வகுபடும்.)

ஐந்நூறு ரூபாய்க்கு அன்று என்ன விற்றேன்? ரீலோட்! மெஷினின் பதிவுச் சுருளை இழுத்தால், மாலை 5.40க்கு ரீலோட் 5,000. ரீலோட் போனில் அதே நேரத்துக் குறுஞ்செய்தி 500. அந்த அக்கா ஆயிரம் ரூபாய்த் தாள் தந்தார், மீதியை மனக்கணக்கில் கொடுத்தேன். வாங்கிய காசையும் மெஷினில் அடித்திருந்தால் அங்கேயே இடித்திருக்கும்.

நாள் முடிவுச் சீட்டு அடித்தாகிவிட்டதால் அந்தப் பில்லை அன்று ரத்துச் செய்ய முடியவில்லை. குறைவு 4,500 என்றே தாளில் எழுதி, பக்கத்தில் பில் இலக்கமும் காரணமும் போட்டு, சுருளைக் கிழித்துப் பின் குத்தினேன். முதலாளி கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். கடைசி பஸ் போய்விட்டது. அவரே முச்சக்கரவண்டிக்குக் காசு தந்தார், லாச்சியில் இருந்து இல்லை, தன் பையில் இருந்து.