சேனாவும் நானும், கொல்கத்தா

நவம்பர் 4
இன்னைக்கும் ரசகுல்லா உடைஞ்சிடுச்சு. உருட்டும்போதே ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல் இருந்துச்சு, பாகு கொதிச்சதும் அதுவே வாய் பிளந்துடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கிற மாசிமாவோட ரிப்போர்ட் இன்னும் வரல, இங்க பெரியம்மா, சித்திய மாசிமான்னுதான் கூப்பிடுவாங்க.

நவம்பர் 5
சேனாவ, அதான் பால திரிச்சு வடிகட்டின திரிய, பிசைஞ்சது பத்தலன்னு நெனச்சு இருபது நிமிஷம் பிசைஞ்சேன். பத்து நிமிஷத்துலயே நல்லா சேர்ந்து வந்துச்சு, நான்தான் நிறுத்தல, மனசு பூரா ஆஸ்பத்திரியில. கடைசியில உள்ளங்கை பூரா நெய், தட்டுலயும் நெய். உருண்டை வழவழன்னு இருந்துச்சு, ஆனா வெந்தப்புறம் பெருசாகவே இல்ல, கடிச்சா ரப்பர்.

நவம்பர் 6
போன் வரல.

நவம்பர் 7
பார்வை நேரத்துல போயிருந்தேன். மாசிமா மெலிஞ்சுட்டாங்க. விரிசல் கதைய சொன்னதும் முதல்ல கேட்டதே "சேனாவ துணியில எவ்வளவு நேரம் கட்டித் தொங்கவிட்ட?" ராத்திரி பூராவும்னேன். கண்ண மூடி தலையாட்டினாங்க. காஞ்சுபோன சேனா எவ்வளவு பிசைஞ்சாலும் ஒட்டாதாம், உள்ள இருக்கிற ஈரம்தான் பாகுல ஆவியாகி உருண்டைய உப்ப வைக்குதாம், ஈரமே இல்லன்னா எது உப்பும். அதுக்காக சொட்டச் சொட்டவும் இருக்கக் கூடாது, பாகுல கரைஞ்சிடும். அரை மணி நேரம் தொங்கவிட்டு, ஒரு துளி எடுத்து விரலால நசுக்கினா தண்ணி வடியக்கூடாது, விரல் மட்டும் ஈரமாகணும். இத சொல்றதுக்குள்ள அவங்களுக்கு மூச்சு வாங்கிடுச்சு, போதும் மாசிமான்னேன், கேக்கல.

நவம்பர் 8
ஒரு லிட்டர் பசும்பால். கொதிச்சதும் இறக்கி ரெண்டு நிமிஷம் விட்டு, எலுமிச்சை சாறுல அதே அளவு தண்ணி கலந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினேன். தண்ணி பச்சையா தெளிஞ்ச உடனே நிறுத்தி, பச்சத் தண்ணி ஊத்தி அலசினேன், இல்லன்னா சூட்டுல திரி இன்னும் வெந்து கெட்டியாகும், புளிப்பும் நிக்கும். அரை மணி தொங்கவிட்டேன். உள்ளங்கை அடிப்பக்கத்தால தட்டுல தேய்ச்சு தேய்ச்சு எட்டு நிமிஷம், நறநறன்னு இருந்தது போயி கையில லேசா மினுமினுப்பு வந்ததும் கைய எடுத்துட்டேன். பதினாலு உருண்டை, சின்னதா. ஒண்ணுல விரிசல் தெரிஞ்சுது, அத திரும்ப உருட்டினேன். ஒரு கப் சர்க்கரைக்கு நாலு கப் தண்ணி, தளதளன்னு கொதிக்கும்போது போட்டு மூடி பதினஞ்சு நிமிஷம், நடுவுல பாகு கெட்டியாகாம ஒரு கரண்டி வெந்நீர். ஒண்ண எடுத்து தண்ணி டம்ளர்ல போட்டேன். அடியில போயி உக்காந்துச்சு, வெந்தாச்சு. அமுக்கினா திரும்ப எழும்புது. ஒண்ணு கூட வெடிக்கல!

நவம்பர் 9
நாளைக்கு டிஸ்சார்ஜ்ங்கறாங்க, நிச்சயமில்ல. லேக் மார்க்கெட் பால்காரர்கிட்ட ரெண்டு லிட்டர் சொல்லி வச்சிருக்கேன், எருமைப்பால் கலக்காமன்னு ரெண்டு தடவ சொன்னேன்.