எஃப்.டி.க்குப் பதிலாக ஏப்ரல் 2026 டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்ட்: என் அனுபவம்

2023 ஜூனில் ஊர் நிலத்தில் என் பங்கை விற்று 10 லட்சம் ரூபாய் கையில் வந்தது. 2026 மார்ச்சில் எனக்கு ஓய்வு. அதற்கப்புறம் ஊரில் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதாகத் திட்டம், அதற்குத்தான் இந்தப் பணம். அதாவது 2026 மே மாதத்துக்கு முன்னால் இதைத் தொட வேண்டியதில்லை, அதற்கு மேல் தள்ளிப்போடவும் முடியாது. எவ்வளவு காலம் என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பணம் என்னிடம் அதுவரை இருந்ததில்லை.

வங்கியில் எஃப்.டி.க்கு அப்போது 7 சதவீதம் தந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத வட்டி. என்னை யோசிக்க வைத்தது வரிதான். கடைசி ஆண்டு வரை நான் 30 சதவீத அடுக்கில் இருப்பேன், செஸ் சேர்த்தால் 31.2. வட்டி முதிர்வில்தான் கைக்கு வருகிறது என்றாலும், எஃப்.டி.யில் அது ஆண்டுதோறும் சேர்ந்ததாகக் கணக்காகி வங்கி ஆண்டுதோறும் டி.டி.எஸ். பிடித்துவிடும். வட்டியைக் கைக்கு வரும் ஆண்டில் காட்டும் முறையும் சட்டத்தில் உண்டு. ஆனால் டி.டி.எஸ். ஒரு ஆண்டில், வருமானம் இன்னொரு ஆண்டில் என்று நிற்கும்போது அதை விளக்கிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டில் அப்படி இல்லை. யூனிட்டை விற்கும்போதோ ஃபண்ட் முதிரும்போதோதான் வரி, அந்த ஒரே ஆண்டில். இங்கே வசிப்பவர்களுக்கு டி.டி.எஸ். கிடையாது. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய இதுபோன்ற கடன் ஃபண்டுகளுக்கு, எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து சாதாரண வரி அடுக்கில்தான் போகும் என்று சட்டம் மாறியிருந்தது. பணவீக்கத்தைக் கழித்துக்கொள்ளும் இண்டெக்சேஷன் சலுகை போய்விட்டது. இனி இந்த ஃபண்டால் என்ன பயன் என்று பலர் விட்டுவிட்டார்கள். என் கணக்கில் ஒரு பயன் மிச்சம் இருந்தது: எந்த ஆண்டில் வரி கட்டுவது என்பதை நானே தேர்ந்தெடுக்கலாம். சம்பளம் நின்றுபோன முதல் ஆண்டில் அந்த லாபம் வந்து விழ வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஃபண்டின் அமைப்பு எளிது. ஒரு குறிப்பிட்ட தேதியையொட்டி முதிரும் கடன் பத்திரங்களை மட்டும் வாங்கி, அவை முதிரும்வரை வைத்திருந்து, தேதி வந்ததும் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். இந்தியாவில் இந்த வகையைப் பரவலாக்கியது 2019 டிசம்பரில் வந்த, பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய பாரத் பாண்ட் இ.டி.எஃப். அதில் பொதுத்துறை நிறுவனங்களின் மிக உயர்ந்த ஏ.ஏ.ஏ. தரப் பத்திரங்கள் இருந்தன. பின்னால் மாநில அரசுகள் வாங்கும் கடனான எஸ்.டி.எல். பத்திரங்களையும் மத்திய அரசுப் பத்திரங்களையும் வைத்து நிறைய ஃபண்டுகள் வந்தன.

தேர்வில் நான் முதலில் பார்த்தது முதிர்வு மாதம். மார்ச் 2026, ஏப்ரல் 2026, செப்டம்பர் 2026 என்று கிடைத்தன. மார்ச்சில் முதிர்ந்தால் லாபம் நான் சம்பளம் வாங்கிய ஆண்டிலேயே விழுந்து 31.2 சதவீதம் போய்விடும். செப்டம்பர் என்றால் கட்டட வேலைக்குப் பிந்திவிடும், முன்னதாக விற்க வேண்டியிருக்கும். ஏப்ரல் சரியாகப் பொருந்தியது. மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் ஒரு மாத வித்தியாசம்தான், ஆனால் வரி ஆண்டு வேறு. வாங்குபவர்கள் பெயரில் இருக்கும் ஆண்டை மட்டும் பார்க்காமல் மாதத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஃபண்டின் மாதாந்திரத் தகவல் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒய்.டி.எம். என்று ஒரு எண் இருக்கும். உள்ளே இருக்கும் பத்திரங்களை இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வுவரை வைத்திருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்வது அது. நான் பார்த்த எஸ்.டி.எல். ஃபண்டில் 7.4 இருந்தது. நேரடித் திட்டத்தின் செலவு 0.2. ஆக 7.2 என்று மனதில் வைத்துக்கொண்டேன். இடைத்தரகர் வழியாகப் போனால் செலவு கூடும், கூடும் அளவு நேராக வருமானத்தில் குறையும். வட்டியே 7-ஐ ஒட்டி இருக்கும் இடத்தில் அது சின்ன விஷயமில்லை. ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலேயே நேரடித் திட்டம், வளர்ச்சி வாய்ப்பு என்று தேர்ந்து மொத்தமாகப் போட்டேன். இ.டி.எஃப். வடிவத்திலும் கிடைத்தது, ஆனால் சந்தையில் வாங்குவோர் குறைவாக இருந்தால் ஒரு யூனிட்டின் மதிப்பான என்.ஏ.வி.க்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி வந்துவிடும் என்பதால் ஃபண்ட் நிறுவனத்திடமே வாங்கி விற்கும் இண்டெக்ஸ் ஃபண்டையே எடுத்தேன்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். எஃப்.டி.க்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு, இதற்கு இல்லை. எஸ்.டி.எல். என்பது மாநில அரசின் கடன். அதற்கு மத்திய அரசின் உத்தரவாதம் கிடையாது. ஆனால் வட்டியும் அசலும் ரிசர்வ் வங்கி வழியாக, அங்குள்ள மாநிலத்தின் கணக்கிலிருந்தே போகின்றன. என்னைப் பொறுத்தவரை 10 லட்சத்தை ஒரே வங்கியில் வைப்பதைவிட இது குறைந்த பயமாகவே தெரிந்தது. பணம் வராமல் போகும் என்ற பயத்தைவிட, நடுவில் விலை இறங்குவதுதான் இதில் மனிதரைத் தடுமாற வைக்கும்.

அது எனக்கும் சீக்கிரமே வந்தது. ஜூனில் 7-ஐ ஒட்டி இருந்த பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி விகிதம் அக்டோபரில் 7.3-ஐத் தாண்டியது. என் ஃபண்டில் இருந்த பத்திரங்களின் விகிதமும் கூடவே ஏறியது. வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதைத் தகவல் தாளில் மாடிஃபைட் டியூரேஷன் என்ற எண்ணை வைத்துக் கணக்கிடலாம். என்னுடையதில் அது ஏறக்குறைய 2.4. அதாவது விகிதம் 0.3 கூடினால் விலை 0.7 சதவீதம் குறையும். மாதம் சேரும் வட்டியே 0.6 சதவீதம்தான். ஆக ஒரு மாத வட்டி காணாமல் போனதுபோல என்.ஏ.வி. நகராமல் நின்றது.

அப்போது அக்கா கேட்டாள், "அரசாங்கப் பத்திரம்தானே, அப்ப ஏன் ஏற மாட்டேங்குது?"

"இன்னைக்கு வித்தாதான் அந்த விலை, அக்கா. நாம 2026 வரைக்கும் தொடப் போறதில்லையே" என்றேன்.

அவளுக்கு நான் காட்டியது இதுதான்: என்.ஏ.வி. நின்ற அதே மாதத் தாளில் ஒய்.டி.எம். கூடியிருந்தது. இழந்ததாகத் தெரிவது, மீதிக் காலத்தில் கூடுதல் விகிதமாகத் திரும்பி வரும். விலை இறங்கியும் ஒய்.டி.எம். கூடாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும், அப்போது எங்கோ வேறு கோளாறு இருக்கிறது என்று பொருள். இன்னொன்றையும் அவ்வப்போது பார்ப்பேன். சராசரி முதிர்வுக் காலம் மாதத்துக்கு ஒரு மாதம் குறைந்துகொண்டே வருகிறதா, பட்டியலில் எஸ்.டி.எல். தவிர வேறு ஏதாவது நுழைந்திருக்கிறதா என்பதை. கடைசி ஆறு மாதம் வரும்வரை எதுவும் நுழையவில்லை.

2025 பிப்ரவரியிலிருந்து நேர்மாறாக நடந்தது. ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து படிப்படியாக இறக்கி டிசம்பரில் 5.25-க்குக் கொண்டுவந்தது. பத்திர விலை ஏறி, என்.ஏ.வி. வேகமாக நகர்ந்தது. லாபத்தோடு விற்றுவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த வேகம், பின்னால் வர வேண்டியது முன்னால் வருவதுதான். விற்றிருந்தால் அந்த லாபம் சம்பள ஆண்டில் விழுந்து 31.2 சதவீதம் வரியாகப் போயிருக்கும், கையில் வந்த பணத்தைக் குறைந்த வட்டிக்குத்தான் மறுபடி போட்டிருக்க முடியும்.

கடைசிக் கட்டத்தில்தான் பலர் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. ஃபண்டில் உள்ள எல்லாப் பத்திரங்களும் ஒரே நாளில் முதிர்வதில்லை. என்னுடையதில் பல பத்திரங்கள் முந்தைய ஆறு மாதங்களில் ஒவ்வொன்றாக முதிர்ந்தன. வந்த பணத்தை ஃபண்ட் ஏப்ரல் வரை அரசின் குறுகிய காலக் கடனான டிரஷரி பில்களிலும் ஓரிரவுக் கடனிலும் வைத்திருந்தது. ரெப்போ இறங்கிவிட்டிருந்ததால் அவை அப்போது 5 சதவீதத்தைச் சுற்றித்தான் தந்தன. அதனால் நான் கணக்குப் போட்ட 7.2 கிடைக்கவில்லை. 7.1 அளவில் வந்து நின்றது. முதிர்வுத் தேதிக்கு முன் ஆறு மாதம் குறுகிய கால வட்டி என்னவாக இருக்கும் என்பதை வாங்கும்போது யாரும் சொல்ல முடியாது. எஃப்.டி.யில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மார்ச்சிலேயே ஒரு வேலையை முடித்து வைத்தேன். ஃபண்டில் பதிவாகியிருந்தது என் சம்பளக் கணக்கு. முதிர்வுப் பணம் பதிவான கணக்குக்குத்தான் போகும். கணக்கை மாற்ற ரத்து செய்த காசோலை கேட்பார்கள், மாற்றம் பதிவாகச் சில நாள் ஆகும், அந்த இடைவெளியில் பணம் வந்தால் சிக்கல். அதனால் சேமிப்புக் கணக்குக்கு முன்கூட்டியே மாற்றிவிட்டேன். ஏப்ரலில் முதிர்ந்ததும் நான் விண்ணப்பம் எதுவும் போடாமலே பணம் வந்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எனக்கு வந்தது ஏறக்குறைய 12,14,500 ரூபாய். அதே 10 லட்சம் 7 சதவீத எஃப்.டி.யில், காலாண்டுக் கூட்டு வட்டியில் அதே 34 மாதம் இருந்திருந்தால் 12,17,300 ஆகியிருக்கும். வரிக்கு முன் எஃப்.டி.தான் கொஞ்சம் மேல். ஆனால் அந்த வட்டியில் ஏறக்குறைய 65,000 ரூபாய் வரியாகப் போயிருக்கும். ஃபண்ட் லாபமான 2,14,500 ரூபாய் 2026–27 வருமானத்தில் சேர்கிறது. ஓய்வூதியமும் மற்ற வட்டியும் சேர்த்து எனக்கு 4 லட்சம்தான் வரும், இதைக் கூட்டினாலும் 6 லட்சத்தைச் சுற்றித்தான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் பங்குச் சந்தை லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்காது. இது சாதாரண அடுக்கில் வருவதால் கிடைக்கும். ஆக வரி இல்லை. ஃபண்டின் பதிவாளரிடமிருந்து மூலதன லாப அறிக்கையை இறக்கி வைத்திருக்கிறேன், 2027-ல் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும்போது வேண்டும்.

முதிரும் ஆண்டிலும் அதே 30 சதவீதத்தில் இருக்கப் போகிறவருக்கு இந்த 65,000 கிடைக்காது. வரியைத் தள்ளிப்போட்டதில் சில ஆயிரம் மிஞ்சலாம், அவ்வளவே. அதற்காக விலை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று அவர் யோசிக்க வேண்டும். முதிர்வுக்கு முன் பணம் தேவைப்படலாம் என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் எஃப்.டி.யே மேல் என்பேன்.

என் நிலையும் இப்போது மாறிவிட்டது. அடுத்து 2029-ல் தேவைப்படும் ஒரு சின்னத் தொகை இருக்கிறது. எனக்கு இனி இரண்டிலும் வரி ஒன்றுதான், தொகையும் 5 லட்சத்துக்குள். அதை எஃப்.டி.யில் போட்டுவிட்டேன்.