ரிட்டர்ன் கீசர் லாட்: ஏலம் கேட்கும் முன் குடோனில் பார்க்க வேண்டியவை

வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய சரக்கை மொத்தமாக விற்கும் ஏலப் பட்டியலில் இருந்தது 40 கீசர். 15 லிட்டர் டேங்க் வகை 24, மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் 16. மொத்த எம்ஆர்பி 3,88,000 ரூபாய், ஆரம்ப விலை அதில் 22 சதவீதம், அதாவது 85,000 சொச்சம். சரக்கு பெங்களூருக்கு வெளியே ஒரு குடோனில். குன்னூர், ஊட்டி பக்கம் கீசருக்கு வருஷம் முழுக்க ஆள் இருப்பதால் இந்த மாதிரி லாட் கண்ணில் பட்டால் கை பரபரக்கும். பதிவு, கேஒய்சி, முன்பணம் எல்லாம் ஆன்லைனில் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. எரிச்சல் எல்லாம் குடோனில்தான்.

முதலில் அந்த 22 சதவீதத்தைப் பார்ப்போம். எம்ஆர்பி 12,500 என்று போட்டிருக்கும் டேங்க் கீசர் புதுசாகவே ஆன்லைனில் 6,500க்குக் கிடைக்கிறது. 5,500 போட்ட இன்ஸ்டன்ட் 2,800க்கு. அந்த விலைக்குக் கணக்குப் போட்டால் மொத்த லாட்டும் 2,00,800 ரூபாய்தான். ஆக, கேட்கிற 22 சதவீதம் உண்மையில் புது விலையில் 42 சதவீதம், அதுவும் வாரண்டி இல்லாத, யாரோ திருப்பி அனுப்பிய சரக்குக்கு. பட்டியலில் எம்ஆர்பி பத்தியை மறைத்துவிட்டு, ஒவ்வொரு மாடலுக்கும் இன்றைய ஆன்லைன் விலையை நீங்களே எழுதிக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்தது, ஏன் திரும்பி வந்தது என்ற காரணம். அந்தப் பத்தியைப் பெரும்பாலும் வெட்டிவிட்டுத்தான் பட்டியல் அனுப்புவார்கள். மெயில் போட்டுக் கேளுங்கள்; இரண்டாவது தடவை கேட்டால் வரும். டேங்க் கீசரில் ‘சூடாகவில்லை’ என்று வந்தது பெரும்பாலும் நல்ல சரக்கு. தெர்மல் கட்-அவுட் விழுந்திருக்கும், பட்டனை அழுத்தினால் சரி. இல்லாவிட்டால் எலிமென்ட் அல்லது தெர்மோஸ்டாட், இரண்டுமே மாற்றக்கூடிய பாகம். ‘ஒழுகுகிறது’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் சூடாகி விரியும்போது வால்வில் சொட்டுவது இயல்பு. அது தெரியாமல் திருப்பியவர்கள் உண்டு. அடி ஃபிளேஞ்ச் கேஸ்கெட் ஒழுகினாலும் மாற்றிவிடலாம். உள் டேங்க் ஓட்டையானால் அது காயலான் கடைக்குத்தான். சுற்றிலும் ஃபோம் ஊற்றி மூடியிருப்பதால் வெல்டிங் வைக்க வழியே கிடையாது.

இன்ஸ்டன்ட் வகைக்கு மலையில் தனிக் கணக்கு. 3,000 வாட் எலிமென்ட் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 21 டிகிரிதான் ஏற்றும். கோவையில் 26 டிகிரியில் வரும் தண்ணீர் 47 ஆகும், குளிக்கத் தாராளம். ஊட்டியில் பனிக்காலத்தில் 10 டிகிரியில் வரும் தண்ணீர் 31க்கு மேல் போகாது. அதனால் பழுதே இல்லாத இன்ஸ்டன்ட் கீசரையும் இங்கே விற்றால் ஒரே வாரத்தில் உங்கள் கடைக்கே திரும்பி வரும். அந்த 16-ஐயும் மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறக்கி விற்க வேண்டியதுதான். விலை போடும்போதே அந்தக் கூலியைக் கழித்துவிடுங்கள்.

இனி குடோன். ‘நேரில் பார்க்கலாம்’ என்று விளம்பரத்தில் இருக்கும். போனால் சூப்பர்வைசர், “பெட்டியைத் திறந்தா அதை நீங்களே எடுத்துக்கணும் சார்” என்று குறுக்கே நிற்பார். சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. கம்பெனி டேப்புக்கு மேல் பழுப்பு டேப் ஒட்டிய பெட்டிகள் ஏற்கெனவே திறந்தவை; “திறந்ததை மட்டும் பார்க்கிறேன்” என்றால் மறுப்பதற்குக் காரணம் இருக்காது. மூடிய பெட்டியைத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் குலுங்கினால் அது சுவரில் மாட்டிக் கழற்றியது. திறந்த பெட்டியில் குழாய் மரையைப் பாருங்கள்: மாட்டிக் கழற்றியதில் வெள்ளை டெஃப்லான் நூல் நூலாக ஒட்டியிருக்கும், பின்பக்கப் பட்டையில் போல்ட் உரசிய தடம் இருக்கும். அடிமூடியின் ஓரத்தில் துருக்கறை இருந்தால் டேங்க் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கீசர் உடம்பில் உள்ள ஸ்டிக்கரும் ஒன்றா என்று பாருங்கள். எண் வேறாக இருந்தால் வாடிக்கையாளர் தன் பழைய கீசரைப் புதுப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். பார்க்க முடிந்த பத்துப் பெட்டியில் இரண்டு இப்படி இருந்தால் மீதியிலும் அதே விகிதம் இருக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் போட்ட கணக்கு இது. டேங்க் வகை 24-ல் ஆறு ஸ்கிராப், மீதி 18-ஐ ஒன்று 3,500க்கு விற்றால் 63,000. இன்ஸ்டன்டில் பத்து தேறும், 1,400 வீதம் 14,000. ஸ்கிராப் 1,800. ஆக வரவு 78,800. வண்டி வாடகை, இறக்குகூலி, பாகங்கள் என்று 14,000. நமக்கு 16,000 நிற்க வேண்டும். மீதி 48,800. இதில் வாங்குபவர் கமிஷன் 5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதமும் அடங்க வேண்டும், 1.239-ஆல் வகுத்தால் சுமார் 39,400. எம்ஆர்பியில் பத்து சதவீதம்! 22-ல் யாரும் கேட்காமல் லாட் திரும்பி வந்து, மறு ஏலத்தில்தான் இந்த விலைக்குள் விழுந்தது. சிறு வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரி திரும்ப வராது என்பதால்தான் அந்த 18 முழுக்கச் செலவாகவே நிற்கிறது.

லோடு ஏற்றும் நாளில்தான் வயிறு எரிந்தது. கேட்பாஸில் கையெழுத்து போட்ட பிறகு எண்ணிக்கை குறைந்தாலும் உடைந்திருந்தாலும் கேட்க முடியாது, ‘இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொரு சீரியல் எண்ணாக டிக் அடித்துத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். சூப்பர்வைசருக்கு அந்தப் பொறுமை இல்லை. “எல்லாம் சரியா இருக்கும், ஏத்துங்க” என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். டிக் அடித்ததில் ஒரு டேங்க் கீசர் குறைந்தது. பக்கத்து அடுக்கில் வேறு லாட் ஸ்டிக்கரோடு கிடந்ததைச் சீரியல் எண்ணைக் காட்டித்தான் வாங்க முடிந்தது.

இந்த வாக்குவாதத்தில் மாலையாகிவிட்டால் இன்னொரு செலவு உண்டு. மைசூர் வழியாக வந்தால் பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை அடைத்துவிடுவார்கள். மதியத்துக்குள் வண்டி கிளம்பாவிட்டால் குண்டலுப்பேட்டையில் ராத்தங்கல், டிரைவருக்கு ஹால்ட்டிங் வாடகை. நேரத்தோடு லோடு ஏறாது என்று தெரிந்தால் சேலம், மேட்டுப்பாளையம் வழியே வரச் சொல்லிவிடுங்கள். அப்படி வந்து மேட்டுப்பாளையத்தில் சின்ன வண்டிக்கு மாற்றினால் இ-வே பில்லின் பி பகுதியில் புது வண்டி எண்ணைப் போடாமல் பர்லியாறு ஏறாதீர்கள். மாநிலம் தாண்டி வரும் சரக்குக்கு வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினாலே அந்தப் பில் கட்டாயம்.

வீட்டுக்கு வந்ததும் உடனே பிளக்கில் சொருக வேண்டாம். மல்டிமீட்டரில் எலிமென்டை அளந்தால் 2,000 வாட்டுக்கு 26 ஓம் பக்கம், 3,000க்கு 17 அல்லது 18 காட்ட வேண்டும். பிறகு மின்கசிவு பார்க்கும் மீட்டரான 500 வோல்ட் மெகரில் எலிமென்டுக்கும் உடம்புக்கும் நடுவே பாருங்கள். ஈரத்தில் மாதக்கணக்கில் கிடந்த எலிமென்ட் உள்ளே ஈரம் குடித்து ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும். அதைக் கெட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். கழற்றி நல்ல சூட்டில் காய வைத்தால் பலதும் ஏறிவிடும். ஏறாததை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் வீட்டில் மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் தண்ணீர் நிரப்பிக் குழாய் அழுத்தத்தில் ஒரு முழு நாள் மாட்டி வைத்து, அடிமூடி ஓரத்தில் காய்ந்த காகிதம் ஒட்டிவிடுங்கள். காகிதம் நனைந்தால் கேஸ்கெட்டை மாற்றிப் பாருங்கள், அப்படியும் நனைந்தால் டேங்க் போய்விட்டது; வால்வு அடியில் மட்டும் சொட்டினால் விற்கலாம்.