மண்டபத்துக் குளிர் அறைக்கு ஒரு எஸ்.எல்.ஏ. எழுதிய கதை

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஊரில் கணவாயும் நண்டும் வாங்கி உறைய வைத்து அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பு. எங்கள் உயிர்நாடி மைனஸ் 18 டிகிரியில் ஓடும் ஒரு குளிர் அறை. அதன் கம்ப்ரசர், கண்டென்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள மதுரையில் இருக்கும் ஒரு சர்வீஸ் நிறுவனத்தோடு வருடாந்திர ஒப்பந்தம் போட்டிருந்தோம். அதில் சேவை நேரத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "புகார் கிடைத்த நான்கு மணி நேரத்துக்குள் ரெஸ்பான்ஸ் தரப்படும்."

அந்த வரி எவ்வளவு ஓட்டை என்பது போன ஆண்டு ஜூன் 17 அன்று தெரிந்தது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து, விசைப்படகுகள் கடலுக்குப் போய்ச் சரக்கோடு திரும்பிய வாரம் அது. அறை முக்கால்வாசி நிறைந்திருந்தது. இரவு 1:40-க்கு கம்ப்ரசர் நின்றுவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் 1:55-க்கு போன் செய்தார். 3:10-க்கு டெக்னீஷியன் திரும்பக் கூப்பிட்டு, "மெயினை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கண்ணே" என்றார். ஓடவில்லை. அவர் நேரில் வந்தது காலை 11:30-க்கு. கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்சான கான்டாக்டர் எரிந்திருந்தது. கையில் மாற்றுக் கான்டாக்டர் இல்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்துப் பொருத்தும்போது மாலை 7 மணி. அறை மைனஸ் 7-க்கு வந்திருந்தது. மேல் வரிசைப் பெட்டிகளில் கணவாய் விரலை வைத்தால் அமுங்கியது. அவற்றை முதல் தரத்தில் அனுப்ப முடியவில்லை.

நான் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். பதில் இரண்டு நாளில் வந்தது: புகார் 1:55, ரெஸ்பான்ஸ் 3:10, ஆக ஒரு மணி 15 நிமிடம், ஒப்பந்தப்படி சரியே. படித்ததும் ஆத்திரம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. போனில் பேசுவதும் ரெஸ்பான்ஸ்தான். நேரில் வருவது எப்போது, ஓட வைப்பது எப்போது என்று நாங்கள் கேட்டு எழுதி வாங்கவே இல்லை.

நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்று முதலாளி சொன்னார். இந்தக் கரையில் இரவில் வரக்கூடிய வேறு ஆட்கள் கிடைப்பது கடினம். அதே ஆட்களோடு உட்கார்ந்து, எந்தச் சேவை எவ்வளவு நேரத்தில் என்று சொல்லும் எஸ்.எல்.ஏ. ஒன்றைப் புதிதாக எழுதுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் ஒரு நேரத்தை மூன்றாகப் பிரித்தோம். போனில் பதில் சொல்ல 20 நிமிடம். ஆள் நேரில் வந்து நிற்க ஜூன் 15 முதல் ஆகஸ்ட் கடைசி வரை இரண்டு மணி நேரம், மற்ற மாதங்களில் நான்கு. மீண்டும் குளிர வைக்க எட்டு மணி நேரம். மூன்றும் இரவு, ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் ஓடும் கடிகாரம். மதுரையிலிருந்து மண்டபத்துக்கு இரண்டு மணி நேரத்தில் யாரும் வந்துவிட முடியாது. அதனால் அந்த மாதங்களில் ஒரு டெக்னீஷியன் ராமநாதபுரத்தில் தங்கியிருப்பார் என்று அதையும் எழுதினோம். இதற்காக மாதக் கட்டணம் 22,000-லிருந்து 30,000 ரூபாய் ஆனது. முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. நேரத்தைச் சுருக்கச் சொல்லிவிட்டு அதற்கான ஆள் செலவைக் கொடுக்க மறுத்தால், காகிதத்தில் இருக்கும் இரண்டு மணி நேரம் காகிதத்தோடுதான் இருக்கும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

நேரங்களை விட, கடிகாரம் எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பதில்தான் இரண்டு நாள் போனது. "நாங்கள் போன் செய்த நேரம்" என்றால் அவர்கள் மறுப்பார்கள். "புகார் எங்களிடம் பதிவான நேரம்" என்றால் பதிவு செய்வது அவர்கள் கையில். அதனால் அறைக்குள் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஒரு லாகர் வைத்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் எஸ்.எம்.எஸ். போகும்படி செய்தோம். அந்த எஸ்.எம்.எஸ். நேரமே தொடக்கம். நான் மைனஸ் 15-ஐத் தாண்டிய உடனே மணி அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். டெக்னீஷியன் தம்பிதான் தடுத்தார்: "சார், பனியைக் கரைக்க டீஃப்ராஸ்ட் ஓடும்போதெல்லாம் காயில் பக்கம் காற்று சூடாகும். ஒரு நாளைக்கு நாலு தடவை சும்மா அடிக்கும். பத்து நாள் கழிச்சு யாரும் அந்த மெசேஜைப் பார்க்க மாட்டாங்க." சரி என்று, மைனஸ் 15-க்கு மேல் 40 நிமிடம் தொடர்ந்து இருந்தால் என்று மாற்றினோம்.

நிறுத்தும் நேரம் இன்னும் சிக்கல். அறை பழையபடி குளிர்ந்த பிறகுதான் கடிகாரம் நிற்க வேண்டும் என்றேன். அவர்கள், "நீங்க அந்த நேரத்துல ரெண்டு டன் புதுச் சரக்கை உள்ளே ஏத்தினா குளிர ஒரு நாள் ஆகும், அதுக்கும் நாங்களா?" என்று கேட்டார்கள். நியாயம். கடைசியில் இப்படி எழுதினோம்: கம்ப்ரசர் ஓடி, அறை வெப்பநிலை அடுத்தடுத்த இரண்டு மணி நேரமும் மணிக்கு ஒரு டிகிரியாவது இறங்கினால், இறங்கத் தொடங்கிய நேரத்திலேயே கடிகாரம் நின்றதாக எடுத்துக்கொள்ளப்படும். ஓட வைத்துவிட்டேன் என்ற வாய்ச்சொல்லுக்கு வேலையே இல்லை, லாகரின் கோடு பேசும்.

எட்டு மணி நேரம் என்று எழுதினால் மட்டும் போதாது என்பதை ஜூன் 17 கற்றுக்கொடுத்திருந்தது. அன்று தாமதத்தில் பாதி, ஆள் வந்த பிறகு சாமானுக்காகக் காத்திருந்தது. கான்டாக்டர், பிரஷர் ஸ்விட்ச், ஃபேன் மோட்டார், சொலினாய்டு காயில், ஃபில்டர் டிரையர் என ஒரு பெட்டி எங்கள் வளாகத்திலேயே இருக்கும். எடுத்தால் ஏழு நாளில் திரும்ப வைக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஒப்பந்தத்தின் கடைசித் தாள். அப்புறம், பெரிய சர்வீஸ் வேலைகள் எல்லாம் ஏப்ரல் 15-க்குப் பிறகு தடைக்காலத்தில் செய்து, ஜூன் 10-க்குள் முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். விசைப்படகு போகாத அந்த இரண்டு மாதத்தில் அறையைக் காலி செய்வது எங்களுக்கும் எளிது.

அபராதத்துக்கு வந்தபோது நான் ஒரு சம்பவத்துக்கு இரண்டு லட்சம் என்று எழுதி வைத்திருந்தேன். எங்கள் வக்கீல் அந்த வரியைப் பார்த்துவிட்டு, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவை எடுத்துச் சொன்னார். ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதினாலும் நீதிமன்றம் அதை அப்படியே தூக்கிக் கொடுக்காது. அந்தத் தொகைக்கு மிகாமல், நியாயமான இழப்பீடு எதுவோ அதைத்தான் தரும். மிரட்டுவதற்கு எழுதிய எண் வழக்கில் நிற்காது, வெண்டரான சர்வீஸ் நிறுவனம் அதற்குக் கையெழுத்தும் போடாது.

சரக்கு மதிப்பை வெண்டர் தலையில் கட்டும் எண்ணத்தை அதோடு விட்டுவிட்டோம். குளிர்பதனக் கிடங்கில் சரக்கு கெடுவதற்கென்றே காப்பீடு உண்டு, இயந்திரப் பழுதுக் காப்பீட்டோடு சேர்த்து எடுப்பது. அதை எடுத்தோம். அபராதம் சிறியதாக, ஆனால் கேட்காமலே கழியும்படி இருக்க வேண்டும் என்று வைத்தோம். தாமதமான ஒவ்வொரு முழு மணிக்கும் மாதக் கட்டணத்தில் 3 சதவீதம், அதாவது 900 ரூபாய். ஒரு மாதத்தில் அதிகபட்சம் 30 சதவீதம், 9,000 ரூபாய். ஆறு மாதத்தில் மூன்று முறை அந்த உச்சத்தைத் தொட்டால் 30 நாள் நோட்டீஸில் நாங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அவர்களை உண்மையில் உறுத்தியது இந்தக் கடைசி வாக்கியம்தான். "கோரலாம்" என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, "அடுத்த பில்லோடு கிரெடிட் நோட்டாக வரும்" என்று மாற்றினோம். அக்டோபரில் ஒருமுறை குளிர வைக்க 11 மணி நேரம் ஆனது. மூன்று மணி தாமதம், 2,700 ரூபாய். அடுத்த பில்லில் 27,300 என்று தானே வந்தது, ஒரு போன்கூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

அவர்களுக்கும் எங்கள் மேல் ஒரு மனக்குறை இருந்தது. நாங்கள் பில்லுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் கொடுப்போம். அது தவறு. 30 நாளில் தருவோம் என்று எழுதிக் கொடுத்தோம்.

விலக்குகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். "இயற்கைச் சீற்றம்" என்று அவர்கள் பொதுவாக எழுதியிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வாடை அடிக்காத வாரம் ஏது? பாம்பனில் 3-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு அடிக்கடி ஏறும், அப்போதும் ரோடு திறந்துதான் இருக்கும், பஸ் ஓடும். 5-ஆம் எண்ணோ அதற்கு மேலோ ஏற்றப்பட்டிருந்தால்தான் நேரில் வரும் கடிகாரம் நிற்கும் என்று திருத்தினோம். கரண்ட் போனதும் எங்கள் ஜெனரேட்டர் ஓடாததும் எங்கள் கணக்கு.

மாதாந்திர ஆய்வுக் கூட்டம் முதல் முறை வீணானது. ஒன்றரை மணி நேரம் அவரவர் நினைவிலிருந்து பேசினோம். அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே வெண்டர் ஒரு தாள் அனுப்ப வேண்டும் என்றானது: சம்பவம் ஒவ்வொன்றுக்கும் எஸ்.எம்.எஸ். நேரம், போன் நேரம், வந்த நேரம், வெப்பநிலை இறங்கத் தொடங்கிய நேரம். நான் லாகரோடு ஒத்துப்பார்த்து வைத்திருப்பேன். முரண்பட்ட வரிகளை மட்டும் கூட்டத்தில் பேசுவோம், மிச்ச நேரம் காரணத்துக்கு.

மூன்றாவது கூட்டத்தில் தாள் முழுக்க நல்ல செய்தி. நான்கு சம்பவங்கள், நான்கிலும் ஆள் ஒன்றரை மணி நேரத்துக்குள், குளிர்ச்சி மூன்று மணி நேரத்துக்குள். அபராதம் பூஜ்யம். ஆனால் நான்கிலும் ஒரே காரணம்: ஹை பிரஷர் ட்ரிப், அதாவது அழுத்தம் கூடியதால் கம்ப்ரசர் தானாக நின்றுவிடுவது. வந்து ரீசெட் அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நேரத்தை மட்டும் அளந்தால் இது தெரியாது. சொல்லப்போனால் எங்கள் ஒப்பந்தமே வேகமாக ரீசெட் செய்பவருக்குச் சாதகமாக இருந்தது. அன்றே ஒரு வரி சேர்த்தோம்: 30 நாளுக்குள் அதே பழுது திரும்ப வந்தால் பழைய சம்பவம் முடியவில்லை என்று பொருள், காரணத்தை எழுத்தில் தந்து, ஏழு நாளில் சரிசெய்ய வேண்டும்.

காரணம் தேடி எல்லோரும் மாடிக்கு ஏறினோம். வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் வெள்ளையாக உப்புப் படிந்து, காற்று போகவே இடமில்லை. கடல் காற்று ஒரு காரணம். டெக்னீஷியன் தம்பி தகட்டைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மாதாமாதம் கழுவிய தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டார். எங்கள் போர் தண்ணீர். அது உப்புத் தண்ணீர். கழுவக் கழுவ உப்பைப் பூசிக்கொண்டிருந்தோம், எங்கள் செலவில், ஒப்பந்தத்தில் எழுதிய தேதியில்.

இப்போது ஒப்பந்தத்தில் கழுவுவதைப் பற்றிய பத்தியில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, லாரியில் வாங்கும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று இருக்கிறது. தண்ணீர் எங்கள் பொறுப்பு, கழுவுவது அவர்கள் பொறுப்பு. மாடியில் 500 லிட்டர் தொட்டி ஒன்று வைத்து, அதில் "கண்டென்சருக்கு மட்டும்" என்று பெயிண்டில் எழுதியிருக்கிறோம்.