வெள்ளி இரவு போட்டால்தான் ஞாயிறு காலை சிவக்கும்

வார நாட்களில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறுகளில் வீட்டு விசேஷங்களுக்கு மெஹந்தியும் எளிய மேக்கப்பும் செய்துகொடுக்கிறேன். இந்த வேலையில் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட, எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். அதை நான் ஒரு மணப்பெண்ணின் கையில்தான் கற்றுக்கொண்டேன்.

ஞாயிறு காலை முகூர்த்தம். சனிக்கிழமை அலுவலகத்தில் அரை நாள் இருந்ததால் அன்று மாலைதான் போனேன். இரவு பதினொன்றுக்கு முடித்தேன். டிசைன் எல்லோருக்கும் பிடித்திருந்தது. காலை ஐந்து மணிக்கு மேக்கப் செய்யப் போனபோது, சுரண்டி எடுத்த கை வெறும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. "என்னம்மா, இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்று பெண்ணின் அம்மா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அந்தக் கை அழகாகச் சிவந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் புகைப்படங்கள் முந்தின நாளே எடுக்கப்பட்டுவிட்டன.

நான் கோனில் குறை தேடினேன். குறை கோனில் இல்லை. மருதாணி இலையில் இருக்கும் சாயம் தோலுக்குள் இறங்கும்போது ஆரஞ்சாகத்தான் இருக்கும். அதன் பிறகு காற்றுப் பட்டுப் பட்டு 24 முதல் 48 மணி நேரத்தில் அது செம்பழுப்பாகக் கறுக்கிறது. யார் போட்டாலும் நல்ல மருதாணிக்கு இந்தக் காத்திருப்பு உண்டு. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடிமன் என்பதால் அங்கே நன்றாகப் பிடிக்கும். முழங்கைப் பக்கம் போகப் போக நிறம் மெலியும். இதையும் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு விசேஷ நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தேன். ஞாயிறு காலை என்றால் மணப்பெண்ணுக்கு வெள்ளி மாலைதான். ஆறு மணிக்கு உட்கார்ந்தால், முழங்கை வரை இரண்டு கைக்கும் எனக்கு நான்கு மணி நேரம் ஆகும். பத்து மணிக்கு முடியும். பூச்சு காய்ந்து உதிராமல் இருக்க எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து பஞ்சால் ஒற்றிவிடுவேன். தேய்க்கக் கூடாது, கோடு கலைந்துவிடும். மறுநாள் காலை ஆறு மணி வரை அப்படியே விட்டு, பிறகு உலர்ந்ததை விரலாலோ மழுங்கிய கத்தியாலோ சுரண்டி எடுக்கச் சொல்வேன். தண்ணீர் அன்று மாலை வரை படக் கூடாது. ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சுரண்டி 24 மணி நேரம் ஆகியிருக்கும். நல்ல நிறம் வந்திருக்கும். விருந்தினர்களுக்கு சனிக்கிழமை காலையிலேயே போட்டுவிடுவது நல்லது.

வெள்ளி மாலை நேராக அலுவலகத்திலிருந்து போக வேண்டும் என்றால் கோன் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அதனால் முந்தின ஞாயிறே கலந்துவிடுகிறேன். மெல்லிய துணியில் சலித்த பொடி 100 கிராம், சர்க்கரை 30 கிராம், லாவெண்டர் எண்ணெய் 30 மில்லி. வாசனைக்காகச் செயற்கையாகச் செய்த எண்ணெய் கூடாது, சுத்தமானதாக இருக்க வேண்டும். பிறகு எலுமிச்சைச் சாறும் தண்ணீருமாகச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவருவேன். மொத்தத்தில் 250 மில்லிக்கு மேல் போகும். மூடி வைத்து, வெதுவெதுப்பான இடத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விடுவேன். மேல்பரப்பு பழுப்பாகவும் கிளறினால் உள்ளே பச்சையாகவும் இருந்தால் சாயம் இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் உறுதிக்கு உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்துப் பார்ப்பேன். பளிச்சென்று ஆரஞ்சுத் தடம் தெரிந்தால் கோனில் அடைத்து நேராக ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் சாயத்தின் வீரியம் போய்விடும். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கெடாது. இந்த அளவில் 25 கிராம் கோன் பதினைந்து போல் வரும்.

கடையில் வாங்கும் "உடனடிக் கறுப்பு" கோனைப் போடும்படி கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கறுத்துவிடும் என்பதால்தான் கேட்கிறார்கள். மருதாணியால் அது முடியாது. அப்படிக் கறுக்கும் கோன்களில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் சேர்ந்திருக்கும். தோலில் கொப்பளம் போட்டு, டிசைன் வடிவிலேயே தழும்பு விழ வாய்ப்பு உண்டு. ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பின்னாளில் தலைக்குச் சாயம் போட்டாலும் அது திரும்ப வரலாம். அதனால் எத்தனை பேர் கேட்டாலும் அதை நான் போடுவதில்லை. கைக்குழந்தைகளுக்கு நல்ல மருதாணியும் போடுவதில்லை. ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால் மருதாணி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கலாம், அது இருப்பது பல பெற்றோருக்கே தெரிந்திருக்காது.

கூலியை எப்படி வைப்பது என்பதில் நான் பலமுறை தடுமாறினேன். மணப்பெண்ணுக்கு டிசைனைப் பார்த்து ஒரு தொகை பேசிவிடலாம். விருந்தினர்தான் சிக்கல். ஒரு விசேஷத்தில் இருபது பேர் என்று பேசி, ஒட்டுமொத்தமாக ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டேன். ஒரு கைக்கு ஒரு பக்கம், பத்து நிமிடம். இருபது பேருக்கு 200 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம் இருபது நிமிடம். வந்து உட்கார்ந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். ஐந்தரை மணி நேரம் ஆனது. கடைசி ஏழு கைகளில் கோடு நடுங்கியது எனக்கே தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்திருக்கும். இப்போது விருந்தினருக்கு மணிக்கணக்கில் பேசுகிறேன். எத்தனை பேர் என்பது அவர்கள் பாடு, எத்தனை மணி நேரம் என்பது என் பாடு. ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். கை மாற, மணிக்கட்டை நீட்டிவிட, கோன் நுனியைத் துடைக்க நேரம் வேண்டுமே.

மேக்கப் பக்கம் நான் எளிமையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஃபவுண்டேஷனைத் தாடை எலும்பு ஓரத்தில் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்தோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். கை மேல் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். ஒரு பெண்ணுக்கு எல்லாம் முடித்து வெள்ளைப் பவுடர் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன், நேரில் நன்றாகவே இருந்தது. ஃபிளாஷ் அடித்த படங்களில் கண்ணுக்குக் கீழும் நெற்றியிலும் மாவு ஒட்டியதுபோல் வெளுத்துத் தெரிந்தது. அந்தப் பவுடரில் இருந்த சிலிக்கா ஒளியைத் திருப்பி அடித்ததுதான் காரணம். இப்போது வீட்டை விட்டுக் கிளம்பும் முன் என் போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன். வெளுத்துத் தெரிந்தால் அதே இடத்திலேயே பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஈரப் பஞ்சால் அழுத்தி எடுத்துவிடலாம். உதட்டுச் சாயத்தை நேரடியாகத் தேய்ப்பதில்லை. சிறு கரண்டியால் தட்டில் எடுத்து, ஆளுக்கு ஒரு பிரஷ்.

கையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் கலந்த கோன், எத்தனை மணிக்குப் போட்டேன், எப்போது சுரண்டினார்கள், 48 மணி நேரத்தில் நிறம் எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். அதற்காகத் திங்கட்கிழமை காலை அவர்களிடமே ஒரு படம் கேட்டு வாங்கிவிடுவேன்.